அத்தியாயம் 4: முதல் மடலிலேயே விலை

திருப்பூரிலிருந்து வெளிநாட்டுச் சிறு பிராண்டுகளுக்குப் போகும் அறிமுக மின்னஞ்சலுக்கு ஒரு பழகிய வடிவம் இருக்கிறது. கம்பெனி தொடங்கிய ஆண்டு, மெஷின்களின் எண்ணிக்கை, கையிலிருக்கும் சான்றிதழ்கள், தைக்கும் ரகங்கள் எல்லாம் வரிசையாக வரும். கடைசி வரி, "உங்கள் தேவையைத் தெரிவியுங்கள், சிறந்த விலை தருகிறோம்" என்று முடியும். படிப்பவர் தேடியது அந்தக் கடைசி வரியில் இருந்திருக்க வேண்டிய ஒரு எண். அது அங்கே இல்லை.

எந்தெந்த பையருக்கு முதல் மடலிலேயே ஆரம்ப விலை சொல்ல வேண்டும், அந்த எண்ணை எப்படிக் கணக்கிட்டு எப்படி எழுத வேண்டும், எப்போது சொல்லாமல் விடலாம் என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. உதாரணமாக ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம்: 180 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சி துணியில், ஒரே நிறத்தில், பிரின்ட் இல்லாத ரவுண்ட் நெக் டி-ஷர்ட்.

பையர் எந்தக் கணக்கோடு படிக்கிறார்

சிறு பிராண்ட் நடத்துகிறவர் கடையில் விற்கும் விலையை முதலில் முடிவு செய்துவிட்டுப் பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார். டி-ஷர்ட்டை 24 டாலருக்கு விற்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் கடைச் செலவு, விளம்பரம், திரும்பி வரும் சரக்கு, தன் லாபம் எல்லாவற்றையும் கழித்த பிறகு, ஒரு பீஸ் தன் கிடங்கில் வந்து இறங்க 5 டாலருக்கு மேல் ஆகக் கூடாது என்று அவருக்குத் தெரியும். கப்பல் கூலியும் இறக்குமதி வரியும் போனால், தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பலேற்றிய நிலையில் அவரால் தரக்கூடியது ஏறத்தாழ 3 டாலர்.

ஆக, உங்கள் மடலைத் திறக்கும்போது அவர் மனதில் இருப்பது ஒரே கேள்விதான்: இவர்கள் 3 டாலருக்குள் வருவார்களா? கச்சிதமான கொட்டேஷன் அவருக்கு அப்போது தேவையில்லை. மேற்கொண்டு பேசலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு எண் போதும். அது கிடைக்காவிட்டால் அவர் பதில் எழுதி, டெக் பேக் அனுப்பி, உங்கள் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அறிமுகமே இல்லாத ஒருவருக்காக அந்த வேலையைச் செய்ய அவருக்குக் காரணம் இல்லை. மடலை மூடிவிடுவார்.

மறைப்பது எங்கே கெடுக்கிறது

முதலாவது, யாரும் ஒப்பிடக்கூடிய சரக்கில். பிளெய்ன் டி-ஷர்ட், போலோ, ஹூடி போன்றவற்றுக்கு பையரிடம் ஏற்கெனவே வேறு நாலு விலை இருக்கும். அந்த வரிசையில் உங்களைச் சேர்த்துக்கொள்ள எண் இல்லையென்றால் நீங்கள் வரிசையிலேயே இல்லை. இங்கே விலையை மறைப்பதால் பேரத்தில் எந்த லாபமும் வராது. பேரம் தொடங்கினால்தானே லாபம்?

இரண்டாவது, உங்கள் விலை மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கும்போது. பலர் இந்த நிலையில்தான் இன்னும் கவனமாக மறைக்கிறார்கள். "முதலில் சாம்பிளைப் பார்க்கட்டும், தரம் தெரிந்தால் விலை உறுத்தாது" என்பது அவர்கள் எண்ணம். நடப்பது வேறு. நிறத்துக்கு லேப் டிப் போட்டு, பேட்டர்ன் வெட்டி, சாம்பிள் டெய்லரை உட்கார வைத்துத் தைத்து, கூரியரில் அனுப்பி மூன்று வாரம் ஆன பிறகு, "எங்கள் டார்கெட் 1.60" என்று ஒரு வரி வரும். விலை முதலிலேயே தெரிந்திருந்தால் அவர் அன்றே விலகியிருப்பார், உங்களுக்கும் சாம்பிள் செலவு மிஞ்சியிருக்கும். ஆர்கானிக் பருத்தி, சிறிய அளவு ஆர்டர் போன்ற நியாயமான காரணத்தால் விலை கூடும் கம்பெனிகள் அந்த விலையைக் காரணத்தோடு சேர்த்து முதல் மடலில் சொன்னால், அந்தக் காரணத்துக்குப் பணம் தரத் தயாராக இருப்பவர்கள் மட்டும் பதில் எழுதுவார்கள். அவர்களுக்குத்தான் சாம்பிள் போக வேண்டும்.

மூன்றாவது, பையர் நேரடியாக விலை கேட்ட பிறகும் மறைப்பது. "1000 பீஸ் பிளெய்ன் டி-ஷர்ட் என்ன விலை வரும்?" என்று ஒருவர் கேட்கிறார். "டெக் பேக் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்று பதில் போகிறது. ஆளைப் பார்த்து விலை சொல்லப் போகிறார்கள் என்றுதான் அவர் இதைப் படிப்பார். மூன்று வகையிலும் அதிக சேதம் செய்வது இதுதான், ஏனென்றால் முன்பின் தெரியாத பையர்களில் வாங்கும் எண்ணத்தோடு வந்தவரே இப்படிக் கேட்கிறார்.

எண்ணைக் கண்டுபிடிப்பது

ஆரம்ப விலையை வாய்க்கு வந்தபடி சொல்லக் கூடாது. மடல் எழுதும் முன் ஒரு முழு காஸ்டிங் போட்டாக வேண்டும். கீழே உள்ள தொகைகள் வழிமுறையைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஸ்பின்னிங் மில், நிட்டிங், டையிங் யூனிட்களின் அன்றைய விலையை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் துணி. கோம்டு நூல் கிலோ 270 ரூபாய், நிட்டிங் 20, டையிங் 85, காம்பாக்டிங் 10 என்றால் மொத்தம் 385 ரூபாய். சாயப்பட்டறையில் குறையும் எடைக்காக 6 சதவீதம் கூட்டினால் கிலோ ஏறத்தாழ 410 ரூபாய். கட்டிங் கழிவையும் சேர்த்து ஒரு பீஸுக்கு 220 கிராம் துணி பிடிக்கும் என்று கொண்டால், பீஸுக்குத் துணிச் செலவு 90 ரூபாய்.

ஒரே நிறத்தில் 1000 பீஸ் ஆர்டர் என்று வைப்போம். கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், அயர்னிங் எல்லாம் சேர்த்து 35 ரூபாய். லேபிள், டேக், பாலிபேக், அட்டைப்பெட்டி 10 ரூபாய். சாம்பிளுக்கும் பேட்டர்னுக்கும் ஆகும் 6,000 ரூபாயை 1000 பீஸுக்குப் பிரித்தால் தலா 6. தூத்துக்குடிக்கு லாரி வாடகை, துறைமுகக் கிளியரன்ஸ், ஆவணச் செலவு 8,000 ரூபாயைப் பிரித்தால் தலா 8. கூட்டினால் 149 ரூபாய். இதன் மேல் ரிஜெக்‌ஷனுக்கு 3 சதவீதம், நிர்வாகச் செலவுக்கும் லாபத்துக்கும் 15 சதவீதம் வைத்தால் 176 ரூபாய் 50 பைசா. டாலருக்கு 85 ரூபாய் என்று கொண்டால் 2.08 டாலர். மடலில் 2.10 என்று எழுதலாம். அரசு திருப்பித் தரும் டிராபேக் தொகையை இதில் கழிக்கவில்லை. கையில் வரும் வரை அதை விலையில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

இப்போது அதே டி-ஷர்ட்டுக்கு 300 பீஸ் ஆர்டர். துணி 66 கிலோதான் தேவை. ஆனால் சாயப்பட்டறை மெஷினின் குறைந்த அளவு 100 கிலோ என்றால், 66 கிலோ போட்டாலும் 100 கிலோவுக்குக் கூலி கேட்பார்கள். பீஸுக்கு ஏறத்தாழ 10 ரூபாய் கூடி, துணிச் செலவு 100 ரூபாய் ஆகிறது. லைன் மாற்றும் நேரம் சிறிய ஆர்டரில் அதிகமாக உறைப்பதால் தையல் 40 ரூபாய், லேபிள் முதலியவை 12. சாம்பிள் செலவின் பங்கு 20 ரூபாய், துறைமுகச் செலவின் பங்கு 27 ரூபாய். மொத்தம் 199. அதே சதவீதங்களைச் சேர்த்தால் ஏறத்தாழ 236 ரூபாய், அதாவது 2.77 டாலர். மடலில் 2.80.

இந்த இரண்டு எண்கள்தான் உங்கள் விலை வரம்பு: 1000 பீஸுக்கு 2.10, 300 பீஸுக்கு 2.80. இரண்டுக்கும் நடுவே உள்ள 70 சென்ட் எதனால் வருகிறது என்று உங்களால் பைசா கணக்காகச் சொல்ல முடியும். முதல் மடலில் விலை சொல்லத் தகுதி வந்துவிட்டதா என்பதற்கு அதுவே அளவுகோல். காரணம் சொல்ல முடியாத வரம்பை அனுப்பினால், அடுத்த மடலிலேயே பையர் கேட்கும் கேள்விக்குத் தடுமாறுவீர்கள்.

எண்ணை எழுதும் முறை

வரம்பின் கீழ் எண்ணைத்தான் பையர் நினைவில் வைத்துக்கொள்வார். ஆகவே அந்த விலைக்கு இன்றே ஆர்டர் வந்தால் முகம் சுளிக்காமல் எடுத்துச் செய்ய உங்களால் முடிய வேண்டும். ஆளை இழுப்பதற்காக 1.70 என்று எழுதிவிட்டுப் பிறகு 2.10-க்கு ஏற்றினால், அந்த 40 சென்ட்டை அவர் விலையேற்றமாகவே பார்ப்பார். கணக்கில் நியாயம் இருந்தாலும் நம்பிக்கை போய்விடும்.

கீழ் எண் எந்த அளவுக்கு, மேல் எண் எந்த அளவுக்கு என்பதை எண்ணின் பக்கத்திலேயே எழுத வேண்டும். "2.10 முதல் 2.80 வரை" என்று மட்டும் எழுதினால், 300 பீஸ் வேண்டியவர் 2.10 தனக்குத்தான் என்று எடுத்துக்கொள்வார். வரம்பு அகலமாக இருந்தாலும் பயன் இல்லை. "1.50 முதல் 5 டாலர் வரை" என்பது விலை சொல்லாததற்குச் சமம். மேல் எண் கீழ் எண்ணைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போனால், இரண்டு வேறு சரக்குகளை ஒரே வரியில் அடைத்திருக்கிறீர்கள். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

எந்த இடம் வரைக்குமான விலை என்பதும் எண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும். "2.10 டாலர்" என்று மொட்டையாக எழுதினால், புதிதாகத் தொழிலுக்கு வந்த பையர் தன் வீட்டு வாசல் வரைக்குமான விலை என்று நினைத்துக்கொள்ளக்கூடும். "எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, இன்கோடெர்ம்ஸ் 2020" என்று எழுதினால், கப்பலில் ஏற்றும் வரை செலவு உங்களுடையது, அதற்குப் பிறகு அவருடையது என்பது தெளிவாகிவிடும். புதியவர் என்று தெரிந்தால், கப்பல் கூலியும் இறக்குமதி வரியும் இதில் சேரவில்லை என்று ஒரு வரி கூடுதலாகச் சொல்லுங்கள்.

கடைசியாக, நூல் விலை. திருப்பூரில் காஸ்டிங்கை அதிகம் ஆட்டிவைப்பது இதுதான். நூல் விலை ஏற்றத்தைக் கண்டித்து 2022 மே மாதம் திருப்பூரில் வேலைநிறுத்தமே நடந்தது. ஸ்பின்னிங் மில்கள் வழக்கமாக மாதத் தொடக்கத்தில் புது விலையை அறிவிப்பதால், உங்கள் விலைக்கும் அந்த மாதக் கடைசி வரை என்று கெடு வையுங்கள். கெடு இல்லாத விலையை ஐந்து மாதம் கழித்து எடுத்துக்காட்டி ஆர்டர் கேட்பவர்கள் உண்டு.

விலையை எழுத்தில் கொடுத்தால் சட்டப்படி மாட்டிக்கொள்வோமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். நம் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் ஹார்வி எதிர் ஃபேசி வழக்கில், 1893-ல் லண்டன் பிரிவி கவுன்சில், கேட்டதற்குக் குறைந்தபட்ச விலையைத் தந்தியில் தெரிவித்தது மட்டுமே விற்பதாக ஒப்புக்கொண்டது ஆகாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் வாசகம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து நிலைமை மாறும். ஆகவே "இது குறிப்பு விலை; சாம்பிள் ஒப்புதலுக்குப் பிறகு உறுதி விலை தரப்படும்" என்ற வரியை விடாமல் எழுதுங்கள்.

ஒரு மாதிரி மடல்

ஆங்கிலத்தில் எழுதப்போகும் மடலின் சாரம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். உங்கள் கடையில் பிளெய்ன் டி-ஷர்ட் வரிசையைப் பார்த்தோம். திருப்பூரில் இதே ரகத்தைத் தைக்கிறோம். 180 ஜி.எஸ்.எம்., 100 சதவீதப் பருத்தி, ரவுண்ட் நெக், ஒரே நிறம், பிரின்ட் இல்லாமல், நிறத்துக்கு 1000 பீஸ் என்றால் ஒரு பீஸ் 2.10 டாலர், 300 பீஸ் என்றால் 2.80 டாலர். விலை எஃப்.ஓ.பி. தூத்துக்குடி. கப்பல் கூலியும் உங்கள் நாட்டு வரியும் இதில் சேரவில்லை. அளவு குறையும்போது விலை கூடுவதற்கு முக்கியக் காரணம், சாம்பிள், சாயம், துறைமுகச் செலவுகள் குறைந்த பீஸ்கள் மேல் விழுவதுதான். இது இந்த மாதக் கடைசி வரைக்குமான குறிப்பு விலை. சாம்பிள் ஒப்புதலுக்குப் பிறகு உறுதி விலை தருகிறோம். இந்த விலை உங்களுக்குச் சரிப்பட்டு வருமானால், நிறத்தையும் அளவையும் மட்டும் தெரிவியுங்கள்."

கம்பெனி வரலாறு இதில் இல்லை. அதற்கு இணையதளம் இருக்கிறது. கடைசி வரி கேட்பது மிகச் சிறிய பதிலைத்தான். விலை ஏற்கெனவே முன்னால் இருப்பதால், பதில் எழுதுகிறவர் அதைப் பார்த்துவிட்டே எழுதுகிறார்.

எப்போது சொல்லாமல் விடலாம்

சொந்தமாக சோர்சிங் அலுவலகம் வைத்திருக்கும் பெரிய பையர்கள் வேறு வகை. அவர்களிடம் தங்கள் காஸ்டிங் படிவமும் டார்கெட் விலையும் தயாராக இருக்கும். நூல் முதல் பெட்டி வரை பிரித்துக் கேட்பார்கள். அவர்களுக்கு முதல் மடலில் ஆரம்ப விலை சொன்னால், அவர்கள் தரவிருந்த டார்கெட்டைவிடக் கீழே நீங்களே இறங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. அங்கே மாத உற்பத்தித் திறன், தணிக்கைச் சான்றுகள், டெலிவரிக்கு ஆகும் நாட்கள் ஆகியவற்றைச் சொல்லுங்கள். விலைக்கு அவர்கள் படிவம் வரட்டும்.

சரக்கே இன்னும் உருவாகாத நிலையிலும் எண் சொல்ல முடியாது. எம்பிராய்டரி, வாஷ், பல பேனல்கள் கொண்ட ஃபேஷன் உடைக்கு ஓவியத்தை மட்டும் வைத்து விலை சொன்னால், தவறினால் நஷ்டம் உங்களுக்கு. ஆனால் இங்கேயும் முழு மௌனம் வேண்டாம். "பிளெய்ன் பீஸ் இந்த விலையில் தொடங்கும், எம்பிராய்டரி தையல் எண்ணிக்கையைப் பொறுத்து அதன் மேல் கூடும்" என்று அடித்தளத்தைச் சொல்லலாம். வேறொரு பையருக்குத் தைத்துக்கொடுத்த விலையை மட்டும் எடுத்துக்காட்டாகச் சொல்லவே கூடாது. அவர் விலையை இவரிடம் சொல்கிறவர், தன் விலையையும் நாளை வெளியே சொல்வார் என்று இவர் புரிந்துகொள்வார்.

நூல் விலை வாரத்துக்கு வாரம் ஏறும் காலத்தில் சொல்லாமல் விடுவதைவிட, கெடுவை ஏழு நாளாகச் சுருக்கி, எந்த நூல் விலையை வைத்துக் கணக்குப் போட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே மேல். "நூல் கிலோ 270 ரூபாய் என்ற கணக்கில்" என்று எழுதியிருந்தால், அது 300 ஆகும்போது பீஸுக்கு ஏறக்குறைய 7 ரூபாய் துணிச் செலவு கூடுவதை அவரே போட்டுப் பார்த்துக்கொள்வார்.

பதில்களை வாசிப்பது

விலையோடு மடல் அனுப்பத் தொடங்கியதும் பதில்கள் குறையலாம். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாம்பிள் வரை போய்ப் பாதியில் நிற்கும் விசாரணைகள் குறைகின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மடல், பதில், சாம்பிள், ஆர்டர் என்று நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டு போதும். பதில் குறைந்தும் ஆர்டர் குறையவில்லையென்றால் எண் தன் வேலையைச் செய்கிறது.

எண்ணில் கோளாறு இருந்தால் பதில்களிலேயே தெரியும். எல்லோரும் பேரமே பேசாமல் ஒப்புக்கொண்டால் கீழ் எண் மிகவும் தாழ்வு. காஸ்டிங்கில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. 300 பீஸ் கேட்பவர்கள் தொடர்ந்து 2.10-ஐயே எடுத்துக்காட்டினால் குறை விலையில் இல்லை, அளவையும் விலையையும் தள்ளித் தள்ளி எழுதிய வாசகத்தில் இருக்கிறது. "விலை அதிகம்" என்று பலர் சொன்னால், அவர்கள் எந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். 2.00 என்றால் பேசி முடிக்கக்கூடிய தூரம். 1.40 என்றால் நீங்கள் வேறு வகை பையர்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

விலையைக் குறைக்கச் சொன்னால் எண்ணை மட்டும் குறைக்காதீர்கள், சரக்கில் எதையாவது மாற்றிக் குறையுங்கள். 180 ஜி.எஸ்.எம்.-ஐ 160 ஆக்கினால் பீஸுக்கு ஏறத்தாழ 24 கிராம் துணி மிச்சம். மெல்லிய துணிக்கு நூல் நம்பர் மாறி விலை சற்றுக் கூடினாலும், 10 சென்ட் வரை குறைக்க இடம் கிடைக்கும். "2.10-ஐ 2.00 ஆக்க முடியும், துணி 160 ஆகும்" என்று எழுதும்போது, முதல் மடலில் சொன்ன 2.10 உண்மையான கணக்கு என்பதை பையர் தெரிந்துகொள்கிறார். எதையும் மாற்றாமல் 10 சென்ட்டை விட்டுக்கொடுத்தால், அந்த 10 சென்ட் முதலிலிருந்தே காற்றில் ஏற்றி வைத்தது என்று முடிவு கட்டி, அடுத்த ஆர்டருக்கு இன்னும் கீழே இருந்து தொடங்குவார். முதல் மடலில் நீங்கள் எழுதும் எண்ணுக்கு அதன் பின் வரும் எல்லா மடல்களிலும் மதிப்பு இருக்க வேண்டுமானால், அது அசைவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருக்க வேண்டும்.